சிரிப்பில் ஓடும் பாட்டு நடுவில் கனமாகும்போது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மேடைக்குக் கானா எழுதுபவர்களும் பாடுபவர்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை. வெறுமனே விதி சொல்லிக்கொண்டே போனால் எதுவும் பிடிபடாது என்பதால், இந்தப் பக்கத்துக்காகவே எழுதிய ஒரு சின்னப் பாட்டை எடுத்துக்கொண்டு, எல்லாப் பதிலையும் அதை வைத்தே சொல்கிறேன். களம் சென்னை, 2019 கோடை. பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் என்று நான்கு ஏரிகளும் வற்றிப்போய், ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்த வருடம். தெருவில் ஆள் வரிசையைவிடக் குடம் வரிசை நீளமாக இருந்தது.

பல்லவி:

குடம் நிக்குது குடம் நிக்குது வரிசையில
பேரு எழுதி வெச்சிருக்கோம் அது வயித்துல
லாரி எப்ப வருமுன்னு யாருக்கும் தெரியல
ஆளு போயித் தூங்கியாச்சு, குடம் தூங்கல

முதல் சரணம்:

சேப்புக் குடம் சேகரு வூடு, ஓட்டை அடியில
செவத்தோரம் சாய்ச்சு வெச்சான், யாரும் அறியல
ரொப்பிக்கினு வூட்டுக்குப் போனா பாதி வழியில
ரோட்டுக்குத்தான் குளியலு, பொண்டாட்டி குளிக்கல

இரண்டாம் சரணம்:

பச்சைக் குடம் பவுனு ஆயா, பல்லு ஒண்ணில்ல
"யாருடா அது?"ன்னு கேட்டா தெருவே அசையல
லாரிக்காரன் ஹாரன் அடிக்கக் கையே எழல
தாண்டிப் போயி குடத்த வெக்க தைரியமில்ல

மூன்றாம் சரணம்:

பச்சைக் குடம் இன்னிக்குந்தான் மொத எடத்துல
லாரி வந்து நின்னுபோச்சு, யாரும் ஓடல
"யாருடா அது?"ன்னு கேக்க ஆளு அங்கில்ல
தாண்டிப் போயி குடத்த வெக்க மனசு வரல

பிறகு மறுபடியும் பல்லவி. அவ்வளவுதான் பாட்டு.

ரெண்டு சரணம் காமெடி, மூணாவது சரணம் சீரியஸ். ஒட்டுப்போட்ட மாதிரி தெரியுது. ஏன்?

பெரும்பாலும் மூன்றாம் சரணத்துக்காகப் புதிதாக ஒரு சமாச்சாரத்தைக் கொண்டுவந்திருப்பீர்கள். தண்ணீர்ச் சண்டையைப் பற்றிச் சிரித்துக்கொண்டிருந்த பாட்டில் திடீரென்று விவசாயி வருவார், ஏரி ஆக்கிரமிப்பு வரும், "வருங்காலத் தலைமுறை" வரும். எல்லாம் உண்மைதான். ஆனால் கேட்பவருக்கு அது வேறு பாட்டு. அவர் சிரித்த இடத்துக்கும் இப்போது நீங்கள் நிற்கச் சொல்லும் இடத்துக்கும் நடுவில் பாலம் இல்லை.

மேலே உள்ள பாட்டில் மூன்றாம் சரணத்தில் புது விஷயம் ஒன்றுகூடக் கிடையாது. பச்சைக் குடம், லாரி, "யாருடா அது?" என்ற அதட்டல், தாண்டிப்போய்க் குடம் வைப்பது என்று எல்லாமே இரண்டாம் சரணத்தில் நாம் சிரித்த பொருள்கள். கடைசி வரியில் "தைரியமில்ல" இருந்த இடத்தில் "மனசு வரல" வந்திருக்கிறது, மற்ற சொற்கள் அப்படியே நிற்கின்றன. பயந்து நகர்த்தாத குடத்தை இப்போது வேறு காரணத்துக்காக நகர்த்தவில்லை. அந்தக் காரணம் என்னவென்று பாட்டு சொல்லவில்லை, கேட்பவர் தானாகவே போய்ச் சேர்ந்துவிடுகிறார்.

ஆகவே எழுதும்போது மூன்றாம் சரணத்தை முதலில் எழுதுங்கள். அதில் வரும் பொருள்களைப் பட்டியல் போட்டு, அவற்றை எல்லாம் முந்தைய சரணத்தில் நகைச்சுவைக்காக வந்தவை மாதிரியே உள்ளே வைத்துவிடுங்கள். பின்னால் வேலைக்கு வரப்போகிறது என்ற சந்தேகமே கேட்பவருக்கு வரக்கூடாது. அதற்குத்தான் சேகர் வீட்டு ஓட்டைக் குடம். அந்தச் சரணத்துக்குக் கதையில் வேறு வேலை கிடையாது. ஒவ்வொரு குடமாக ஆளை அறிமுகம் செய்யும் பாட்டு இது என்று நம்பவைப்பதற்காக அது வருகிறது. நேராகப் பவுனு ஆயாவிடம் போயிருந்தால், பாட்டு அவரைப் பற்றியது என்று முதலிலேயே காட்டிக்கொடுத்திருப்போம்.

திருப்பம் எந்த வரியில சரியா விழணும்?

ஒரே வரியில் விழவேண்டியதில்லை. மூன்று வரிகளாகப் பிரித்துக்கொள்வது நல்லது.

"பச்சைக் குடம் இன்னிக்குந்தான் மொத எடத்துல" என்பதைக் கேட்டால் பாதிப் பேர் சிரிப்பார்கள். ஆயா இன்றைக்கும் முதலிடத்தைப் பிடித்துவிட்டார் என்றுதான் அதற்கு அர்த்தம் தோன்றும். தோன்றட்டும். இரண்டு பக்கமும் அர்த்தம் தரும் வரியாக அது இருக்கவேண்டும். அடுத்து "லாரி வந்து நின்னுபோச்சு, யாரும் ஓடல." இதில் சோகம் எதுவும் இல்லை. நடக்கக்கூடாதது ஒன்று நடந்திருக்கிறது என்ற நெருடல் இருக்கிறது. தண்ணி லாரி வந்தால் ஓடாத தெரு உண்டா? இந்த இடத்தில் சிரித்துக்கொண்டிருந்தவர்களில் சிலர் நிறுத்துவார்கள். மூன்றாவது வரியில் "ஆளு அங்கில்ல" என்றதும் மீதிப் பேருக்கும் விஷயம் போய்ச் சேர்ந்துவிடும்.

கூட்டத்தில் எல்லாரும் ஒரே நொடியில் புரிந்துகொள்வதில்லை. முன்வரிசையில் உற்றுக் கேட்பவர் முதல் வரியிலேயே பிடித்துவிடுவார், பின்னால் நின்று பேசிக்கொண்டிருப்பவருக்கு மூன்றாம் வரி வேண்டும். சிரிப்பு அரங்கத்தில் அங்கங்கே அணைந்து, கடைசியில் ஒருவர் மட்டும் சிரித்துவிட்டு நிறுத்துவார். அந்த ஒருவர் நிறுத்தும் நொடிதான் உங்கள் திருப்பம். ஒரே வரியில் "ஆயா செத்துப்போச்சு" என்று போட்டிருந்தால் இந்தப் படிப்படியான அணைவு கிடைக்காது. அதிர்ச்சி மட்டும் கிடைக்கும், கூடவே "நம்மை ஏமாத்திட்டான்" என்ற எரிச்சலும் கிடைக்கும்.

இறந்துட்டாங்கன்னு சொல்லாம விட்டா புரியாம போயிடாதா?

புரியும். பல்லவி சொல்லிவிடும். முதல் தடவை "ஆளு போயித் தூங்கியாச்சு, குடம் தூங்கல" என்றபோது, ராத்திரி வரிசையில் குடத்தை வைத்துவிட்டு ஆள் வீட்டுக்குப் போய்ப் படுத்துவிட்டார் என்ற நக்கல். சரணத்துக்குச் சரணம் பாடிப் பாடி, கூட்டமே அந்த வரியைச் சேர்ந்து பாட ஆரம்பித்திருக்கும். மூன்றாம் சரணத்துக்குப் பிறகு அதே வரி, ஒரு எழுத்துகூட மாறாமல் வரும்போது தூக்கம் வேறு தூக்கமாகிவிடுகிறது. அதையும் கூட்டமே தன் வாயால் பாடுகிறது என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

பல்லவி எழுதும்போதே இதைச் சோதித்துப் பாருங்கள். பல்லவியின் கடைசி வரியை ஒரு கல்யாண வீட்டிலும் ஒரு சாவு வீட்டிலும் சொல்லிப்பார்த்ததாகக் கற்பனை செய்யுங்கள். இரண்டு இடத்திலும் பொருந்தினால் வைத்துக்கொள்ளலாம். கல்யாண வீட்டில் மட்டும்தான் பொருந்துகிறது என்றால், கடைசிப் பல்லவி உங்கள் காலை வாரும். சீரியஸ் சரணத்துக்குப் பிறகு வெறும் கேலிப் பல்லவிக்குத் திரும்பவேண்டிவரும். நிறையப் பாட்டு அங்கேதான் உடைகிறது, சரணத்தில் அல்ல.

எந்த மாதிரி ஜோக் வெச்சா பின்னாடி சீரியஸ் ஆக முடியாது?

யாரைப் பின்னால் நினைத்து உருகப்போகிறோமோ, அவரைச் சிறுமைப்படுத்தும் ஜோக். பவுனு ஆயாவுக்குப் பல் இல்லை என்று சொல்கிறோம். ஆனால் அந்தச் சரணம் முழுக்க அவர் கைதான் ஓங்கியிருக்கிறது. தெரு அசையவில்லை, லாரிக்காரனுக்குக் கை எழவில்லை. சிரிப்பு அவருடைய அதிகாரத்தைப் பார்த்து வருகிறது. அந்த அதிகாரம் இல்லாமல்போன தெருவைத்தான் மூன்றாம் சரணம் காட்டுகிறது. அவர் தடுமாறி விழுந்ததையோ காது கேட்காததையோ வைத்துச் சிரிக்கவைத்திருந்தால், மூன்றாம் சரணத்தில் கேட்பவருக்கு வருத்தம் வராது, கூச்சம்தான் வரும்.

இன்னொன்று, வெறும் சொல் விளையாட்டு. சிலேடையும் எதுகைக்காக இழுத்துப்போட்ட வேடிக்கை வார்த்தையும் காதைப் பாட்டின் ஆட்களிடமிருந்து பிரித்து, எழுதியவரின் சாமர்த்தியத்தின் பக்கம் திருப்பிவிடும். முதல் சரணத்தில் ஒன்றிரண்டு இருக்கலாம். இரண்டாம் சரணத்தில் இருக்கக்கூடாது. திருப்பத்துக்கு முந்தைய சரணத்தில் எல்லாச் சிரிப்பும் ஆளின் குணத்திலிருந்தே வரவேண்டும்.

அரசியல்வாதி பெயர், சினிமா வசனம், அந்த வார டிரெண்டிங் என்று வெளியிலிருந்து கடன் வாங்கிய சிரிப்பும் இதே ரகம்தான். கைதட்டு கிடைக்கும், தெரு காணாமல் போய்விடும்.

சிரிப்புச் சத்தத்துல சீரியஸ் வரியோட தொடக்கமே கேக்க மாட்டேங்குது. என்ன பண்றது?

இது எழுத்தைவிட எண்ணிக்கைப் பிரச்சினை. நல்ல சிரிப்பு மூன்று நான்கு நொடி நிற்கும். கானாவுக்கு வழக்கமான திஸ்ர நடையில், "தகிட தகிட" என்று ஆறு எண்ணி, அதில் 1, 4 இரண்டும் அடிகள் என்று வைத்துக்கொள்வோம். நிமிடத்துக்கு 100 அடி வேகம் என்றால் ஒரு "தகிட தகிட" முடிய 1.2 நொடி ஆகும். நான்கு சுற்று விட்டால் ஐந்து நொடிக்குக் கொஞ்சம் குறைவு. இரண்டாம் சரணத்துக்கும் மூன்றாம் சரணத்துக்கும் நடுவில் பல்லவி வருவதால் இயல்பாகவே இடைவெளி இருக்கிறது. ஆனாலும் அந்தப் பல்லவிக்குப் பிறகு நான்கு சுற்று வெறும் தாளம் விடுங்கள். சிரிப்பும் கைதட்டும் அதற்குள் கரைந்துவிடும்.

அப்புறம் ஒன்று. அந்த நான்கு சுற்றில் பாடகர் எதுவும் பேசக்கூடாது. "ஏய்", "போடு", "சென்னை, எப்படி இருக்கீங்க" எதுவும் வேண்டாம். பேசினால் சிரிப்பு மறுபடி பற்றிக்கொள்ளும். நேராகக் கூட்டத்தைப் பார்க்காமல், டோலக் அடிப்பவரைப் பார்த்துக்கொண்டு நின்றால் போதும்.

சீரியஸ் இடத்துல தாளத்த மொத்தமா நிறுத்திடலாமா? அதுதான் எஃபெக்டா இருக்கு.

எஃபெக்ட்டாக இருக்கிறது என்பதுதான் பிரச்சினை. எல்லா வாத்தியமும் சட்டென்று நின்றால் "இப்போது சோகம் வருகிறது, தயாராகிக்கொள்ளுங்கள்" என்று அறிவிப்புப் பலகை மாட்டியதுபோல் ஆகிவிடும். முதல் வரியில் சிரிக்கவேண்டிய ஆட்கள் சிரிக்க மாட்டார்கள். மேலே சொன்ன படிப்படியான அணைவு போய்விடும்.

தாளம் ஓடட்டும், ஆட்கள் ஒவ்வொருவராக விலகட்டும். இந்தப் பாட்டுக்கு டோலக், டேப், கீபோர்ட், அப்புறம் ஒரு காலி பிளாஸ்டிக் குடம் இருக்கின்றன என்று வையுங்கள். காலிக் குடத்தைக் கவிழ்த்து அடிப்பாகத்தில் உள்ளங்கையால் தட்டினால் நல்ல தடித்த ஒலி வரும். அதைப் பாட்டின் தொடக்கத்திலிருந்தே 1, 4 அடிகளில் தட்டிக்கொண்டே வரவேண்டும். மூன்றாம் சரணம் முதல் வரியில் டேப் நிற்கிறது. அது நின்றதைப் பெரும்பாலோர் கவனிக்கவே மாட்டார்கள். இரண்டாம் வரியில் டோலக்காரர் உருட்டல்களை விட்டுவிட்டு வெறும் அடியை மட்டும் வாசிக்கிறார். மூன்றாம் வரியில் அவரும் கையை எடுத்துவிடுகிறார். நான்காம் வரிக்குக் குடம் மட்டும் மிச்சம். பாட்டே குடத்தைப் பற்றியது என்பதால் அந்தத் தனி ஒலிக்கு விளக்கம் தேவைப்படாது.

வேகத்தைக் குறைப்பதென்றால் மிகக் கொஞ்சம்தான். 100லிருந்து 96. குறைத்தது தெரியக்கூடாது, கனத்ததுபோல மட்டும் தோன்றவேண்டும். 80க்கு இறக்கினால் கால் ஆடிக்கொண்டிருந்தவர்கள் தடுமாறி, நிமிர்ந்து பார்ப்பார்கள். டிராக் போட்டுப் பாடுபவர்களுக்கு வேகம் மாறாது என்ற கவலை வேண்டாம், வாத்தியங்கள் விலகினாலே வேகம் குறைந்ததுபோலத்தான் காதுக்குப் படும்.

ராகத்த மாத்தணுமா? சீரியஸ்னா சிவரஞ்சனிக்குப் போயிடலாம்னு கீபோர்ட் ப்ளேயர் சொல்றாரு.

அவர் சொல்வதில் விவரம் இருக்கிறது. பாட்டின் மெட்டு மோகனத்தின் ஐந்து சுரத்தில் போகிறதென்றால் (ச, ரி, க, ப, த), காந்தாரத்தை மட்டும் அந்தர காந்தாரத்திலிருந்து சாதாரண காந்தாரமாக அரைச் சுரம் இறக்கினால் அது சிவரஞ்சனி ஆகிவிடும். ஒரே ஒரு சுரம்தான் வித்தியாசம். அதனால் மெட்டு அப்படியே இருக்க முகம் மட்டும் மாறும். வசதியான வழிதான்.

ஆனால் சிவரஞ்சனியை நம் சினிமா அழுகைக்கு அத்தனை தடவை பயன்படுத்தியிருக்கிறது. அந்தக் காந்தாரம் விழுந்த உடனே கூட்டம் "சோகக் காட்சி" என்று முடிவுகட்டிவிடும். கூடவே கீபோர்டில் ஷெனாய் ஒலியையும் ஏற்றிவிட்டால் கதை முடிந்தது, அந்த இடத்திலேயே சிலர் மறுபடி சிரிப்பார்கள், இந்தத் தடவை உங்களைப் பார்த்து.

எனக்குப் பிடித்த வழி வேறு. மெட்டையும் தொடாதீர்கள், சுரத்தையும் தொடாதீர்கள். அடியில் இருக்கும் கார்டை மட்டும் மாற்றுங்கள். சுருதி சி என்றால் மோகனத்தின் சுரங்கள் சி, டி, இ, ஜி, ஏ. முதல் இரண்டு சரணத்திலும் அடியில் சி மேஜர் இருக்கும். இதே ஐந்து சுரம் ஏ மைனருக்கும் அப்படியே பொருந்தும். மூன்றாம் சரணத்தின் இரண்டாம் வரியில், "யாரும் ஓடல" என்ற இடத்தில், கீபோர்ட் சத்தமில்லாமல் ஏ மைனரைப் பிடித்து நிற்கட்டும். பாடகர் பாடுவது எல்லாரும் இதுவரை கேட்ட அதே மெட்டு. அதே மெட்டு இப்போது வேறு மாதிரி கேட்கிறது, ஏனென்று யாருக்கும் விரல் வைத்துச் சொல்லத் தெரியாது. கடைசிப் பல்லவியில் "குடம் தூங்கல" என்று சட்ஜத்தில் வந்து நிற்கும்போதும் அடியில் ஏ மைனரே இருந்தால், முடிந்தும் முடியாததுபோல ஒரு உணர்வு தொங்கிக்கொண்டிருக்கும். அதற்குமேல் சி மேஜருக்கு வந்து கணக்கைத் தீர்க்காதீர்கள்.

கீபோர்டே இல்லாத மேடை என்றால்? இதில் எதுவும் தேவையில்லை. வாத்தியங்கள் விலகுவதே போதும்.

பாடுறவர் குரல எப்படி மாத்தணும்?

மாற்றக்கூடாது, குறைக்கவேண்டும். சத்தத்தை விடுங்கள், சேட்டையைக் குறைக்கச் சொல்கிறேன். கானா பாடகர்கள் வரிக் கடைசியில் ஒரு இழுப்பு, ஒரு துள்ளல் வைப்பார்கள், "வரிசையில-ஆ" என்பதுபோல. மூன்றாம் சரணத்தில் அந்த வால்களை வெட்டிவிட்டு, பேசுவதுபோல வரியை முடித்துவிடவேண்டும். குரல் நடுங்கவேண்டாம், தொண்டை அடைக்கவேண்டாம். பாடகர் அழுதுவிட்டால் கூட்டத்துக்கு அழ வேலையில்லை.

"யாருடா அது?" என்ற அதட்டலை மட்டும் தனியாகக் கவனியுங்கள். இரண்டாம் சரணத்தில் பாடகர் ஆயாவின் குரலில் நடித்துக் கத்துவார், கூட்டமும் திருப்பிக் கத்தும். மூன்றாம் சரணத்தில் அதே சொல் வரும்போது ஆயாவின் குரலில் பாடக்கூடாது. பாடகரின் சொந்தக் குரலில், வரியோடு வரியாகப் போய்விடவேண்டும். அந்தக் குரல் வராததுதான் செய்தி. பழக்கதோஷத்தில் கூட்டத்தில் சிலர் "யாருடா அது!" என்று கத்தத்தான் செய்வார்கள். கத்தட்டும், பாடகர் காத்திருக்காமல் "கேக்க ஆளு அங்கில்ல" என்று தொடர்ந்துவிட்டால், கத்தியவர் தன் குரலையே தனியாகக் கேட்பார்.

சீரியஸ் இடத்துலயும் விசில் அடிக்கிறாங்க, சிரிக்கிறாங்க. பாட்டு தோத்துடுச்சா?

எந்த வரியில் என்று பாருங்கள். முதல் வரியில் என்றால் அது திட்டப்படிதான் நடக்கிறது. இரண்டாம் வரியில் அங்கங்கே என்றாலும் கவலையில்லை. நான்காம் வரியிலும் அரங்கம் முழுக்கச் சிரிப்பு இருந்தால், இரண்டில் ஒன்று நடந்திருக்கும்: ஒலிபெருக்கியில் சொல் புரியவில்லை, அல்லது இரண்டாம் சரணத்தில் ஆயா மனதில் பதியவில்லை. முதலாவதைச் சரிபார்ப்பது சுலபம். மேடையிலிருந்து தூரத்தில் ஒருவரை நிறுத்தி, கேட்ட வரியை எழுதித் தரச் சொல்லுங்கள். "ஓடல" அவருக்கு "ஓடலாம்" என்று கேட்டிருந்தால் கோளாறு எங்கே என்று தெரிந்துவிடும். இரண்டாவது கோளாறு என்றால் மூன்றாம் சரணத்தைத் தட்டிக்கொட்டிக்கொண்டு இருக்காதீர்கள். திருத்தவேண்டியது இரண்டாம் சரணம்.

விசில் வேறு கணக்கு. நம் ஊரில் வருத்தத்துக்கும் விசில் உண்டு. மரண கானா கேட்டு வளர்ந்தவர்களுக்கு இது சொல்லித்தெரியவேண்டியதில்லை. சாவு வீட்டில் ராத்திரி முழுக்கப் பாட்டு ஓடும், இறந்தவரைக் கிண்டல் செய்து ஒரு பாட்டு, உடனே நெஞ்சைப் பிசையும் இன்னொன்று, கேட்பவர்கள் இரண்டுக்கும் குரல் கொடுப்பார்கள். வடசென்னைக் கூட்டத்துக்கு இந்த மாற்றம் பழகிய விஷயம். ஏசி அரங்கத்தில் உட்கார்ந்து கேட்கும் கூட்டம்தான் கொஞ்சம் திகைக்கும், அவர்களுக்கு அந்த நான்கு சுற்று தாளத்தை ஆறாக்கினால் நல்லது.

சீரியஸ் ஆனப்புறம் திரும்ப காமெடிக்கு வரலாமா?

ஒரே பாட்டுக்குள் என்றால், வேண்டாம். திரும்பி வந்தால் மூன்றாம் சரணத்துக்காக மன்னிப்புக் கேட்டதுபோல ஆகிவிடும். விதிவிலக்கு ஒன்று உண்டு. கடைசியில் இறந்தவரின் குணத்திலிருந்தே வரும் ஒரு சின்னச் சிரிப்பு. இந்தப் பாட்டிலேயே கடைசிப் பல்லவிக்குப் பிறகு இரண்டு வரி சேர்த்துப் பார்க்கலாம்:

வரிசையில முந்திப் போனா யாரக் கேட்டுதான்?
மேல போயும் மொத எடத்த புடிச்சிருப்பாதான்

இது வேலை செய்யும். சிரிப்பு வரும், ஆனால் வேறு மாதிரிச் சிரிப்பு. இருந்தாலும் நான் சேர்க்க மாட்டேன். "மேல போயும்" என்று சொன்னதுமே, அதுவரை சொல்லாமல் காப்பாற்றி வந்ததைச் சொல்லிவிட்டோம். அந்த இரண்டு வரிக்காக இவ்வளவு கட்டுமானத்தையும் விட்டுக்கொடுக்க எனக்கு மனசில்லை. உங்கள் கூட்டத்துக்கு வெளிச்சமாக முடிக்கவேண்டும் என்றால் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பிறந்தநாள், கல்யாண ரிசப்ஷன் மேடையில இந்த மாதிரிப் பாட்டு பாடலாமா?

இரண்டு சரணத்தோடு நிறுத்திவிடுங்கள். மூன்றாம் சரணம் இல்லாமலும் முழுதாக நிற்கும்படிதான் இந்தப் பாட்டு எழுதியிருக்கிறது. ரிசப்ஷனில் பந்தி ஒரு பக்கம், போட்டோ ஒரு பக்கம், யாரும் முழுக்கக் கேட்பதில்லை. பாதி கேட்டவருக்கு மூன்றாம் சரணம் அபசகுனமாக மட்டுமே போய்ச் சேரும்.

எழுதி முடிச்சாச்சு. வேலை செய்யுதான்னு எப்படிப் பார்க்கறது?

வாத்தியம் இல்லாமல், மெட்டும் இல்லாமல், வரிகளை மட்டும் ஒரு ஆளுக்குப் படித்துக் காட்டுங்கள். பாட்டு உலகத்துக்குச் சம்பந்தமில்லாத ஆள் நல்லது. படிக்கும்போது காகிதத்தைப் பார்க்காமல் அவர் முகத்தைப் பாருங்கள். எந்த வரியில் சிரிப்பு நின்றது என்று குறித்துக்கொள்ளுங்கள். முதல் வரியிலேயே நின்றால் நீங்கள் அவசரப்பட்டுவிட்டீர்கள், முதல் வரியை இன்னும் விளையாட்டாக்குங்கள். நான்காம் வரிவரை நிற்கவில்லை என்றால் இரண்டாம் வரியில் நெருடல் போதவில்லை. மெட்டோடு பாடிக்காட்டிச் சோதித்தால் எழுத்தின் ஓட்டையை இசை மூடிவிடும், உண்மை தெரியாது.

அப்புறம், "எப்படி இருக்கு?" என்று கேட்காதீர்கள். "ஆயாவுக்கு என்ன ஆச்சு?" என்று கேளுங்கள். "செத்துட்டாங்க போல" என்று தயங்கிச் சொன்னால் சரியாக இருக்கிறது. "எங்க போனாங்க, ஊருக்கா?" என்று கேட்டால் ஒரு சொல்லாவது கூடுதலாகத் தரவேண்டும். "இன்னிக்குந்தான்" என்பதற்குப் பதில் "பூ போட்டு" என்று ஒரு குறிப்பு வைக்கலாம்: "பச்சைக் குடம் பூ போட்டு மொத எடத்துல." ஆனால் பூ வந்துவிட்டால் முதல் வரியிலேயே சிரிப்பு நின்றுவிடும். வேறு வழியே இல்லையென்றால் மட்டும்.

இந்தப் பாட்டு முடிஞ்சதும் அடுத்து என்ன பாடணும்?

குத்துப் பாட்டைத் தவிர எதுவும். நடுத்தர வேகத்தில், கூட்டத்துக்கு ஏற்கெனவே தெரிந்த, யோசிக்கவைக்காத ஒன்று இருந்தால் போதும். குடத்தின் கடைசி அடிக்கும் அடுத்த பாட்டின் முதல் அடிக்கும் நடுவில் ஒரு பதினைந்து நொடி விடுங்கள். இதில் பெரிய ஆபத்து தொகுப்பாளர்தான். கைதட்டு ஓய்வதற்குள் மைக்கைப் பிடித்து "செம ஃபீலிங் சாங் ஃப்ரெண்ட்ஸ், இப்ப கொஞ்சம் ஜாலியா போலாமா?" என்பார். நிகழ்ச்சி தொடங்கும் முன்பே அவரிடம் போய், இந்தப் பாட்டு முடிந்தால் மேடைக்கு வரவேண்டாம், அடுத்த பாட்டை நாங்களே தொடங்கிக்கொள்கிறோம் என்று சொல்லிவைத்துவிடுங்கள். சவுண்ட் ஆபரேட்டரிடமும் சொல்லுங்கள், அவர் கை வைக்கவேண்டியது குடத்துக்குப் பக்கத்தில் இருக்கும் மைக்கில். மூன்றாம் சரணம் தொடங்கியதும் அதைக் கொஞ்சம் ஏற்றவேண்டும், பாடகரின் மைக்கைத் தொடவேண்டாம்.